செட்டில்மெண்டில் கூடுதலாகப் போய்விட்ட பணத்தை எப்படித் திரும்பக் கேட்பது?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். 24 பேர் வேலை பார்க்கிறார்கள். 7 வருஷம் 4 மாதம் ஸ்டோர்ஸ் பார்த்த தம்பி 2025 டிசம்பர் 31-ல் விலகினார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய். செட்டில்மெண்ட் கொடுத்து மூன்று மாதம் கழித்து ஆடிட்டர் பார்த்துவிட்டு 43,000 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது என்றார். கிராஜுவிட்டியில் 15,000, லீவு சம்பளத்தில் 18,000, நோட்டீஸ் குறைந்த 10 நாளுக்குப் பிடிக்காமல் விட்டது 10,000. பத்து நாள் முன்னாடியே போகிறேன் என்றார், நானும் சரி என்றேன், அதைக் கணக்கர் பிடிக்கவில்லை. போனில் கேட்டால், "நீங்க குடுத்தீங்க, நான் வாங்குனேன், கையெழுத்தும் போட்டாச்சு, பணமும் செலவாயிடுச்சு" என்கிறார். தன்னுடைய டூர் பில் 2,400 இன்னும் வரவில்லை என்றும் சொல்கிறார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பட்டுமா? அவர் இப்போது வேலை பார்க்கும் கம்பெனியில் சொல்லலாமா? எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நல்ல பையன், விரோதம் வேண்டாம். ஆனால் பணத்தை விடவும் மனசில்லை.
— ஒரு சிறுதொழில் முதலாளி, கோவை

பதில்: நீங்கள் கேட்க வேண்டிய தொகை 43,000 இல்லை, 30,600. அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். தப்பான தொகையைக் கேட்டு ஆரம்பித்தால், சரியான தொகையையும் வாங்க முடியாமல் போகும். இந்த மாதிரி விவகாரங்களில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான்.

உங்கள் பட்டியலில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று கணக்குப் பிசகு. இன்னொன்று, நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டு இப்போது வருத்தப்படுவது. நோட்டீஸ் நாள் 10,000 இரண்டாவது வகை. அவர் கேட்டார், நீங்கள் சரி என்றீர்கள், அதை நம்பித்தான் அவர் பத்து நாள் முன்னதாகப் போனார். பிடிப்பேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்தப் பத்து நாளும் வந்து வேலை பார்த்திருப்பார். கணக்கர் பிடிக்காமல் விட்டது தப்பில்லை, நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறார். இதைக் கடிதத்தில் சேர்த்தால் தம்பி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் சொன்ன வாக்கையே மாத்துறாரு" என்று நாலு பேரிடம் சொல்வார். மற்ற 33,000-மும் அந்தப் பேச்சிலேயே அடிபட்டுப் போகும். ஆகவே அதை எடுத்துவிடுங்கள்.

கிராஜுவிட்டி சுத்தமான கணக்கு விஷயம். கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு உண்டான தொகை வரும். இவருக்கு அது 15,000. முழு வருஷங்கள் ஏழு. மிச்ச மாதங்கள் ஆறைத் தாண்டினால்தான் அதையும் ஒரு வருஷமாகச் சேர்க்க வேண்டும். நாலு மாதம் சேராது. ஆக வர வேண்டியது 1,05,000. உங்கள் கணக்கர் எட்டு வருஷம் போட்டு 1,20,000 கொடுத்திருக்கிறார்.

ஆனால் அவசரப்படாதீர்கள். இதைப் பிழை என்று சொல்வதற்கு முன் இரண்டு தாள்களைப் பார்க்க வேண்டும். ஒன்று அவருடைய அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர். சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகக் கிராஜுவிட்டி கொடுக்க ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டால் அது செல்லும். அதில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இதற்கு முன் விலகியவர்களின் செட்டில்மெண்ட் தாள்கள். நாலைந்து பேருக்கு இதே மாதிரி மூணு மாதம், நாலு மாதத்தையெல்லாம் முழு வருஷமாகப் போட்டுக் கொடுத்திருந்தால், அது உங்கள் பட்டறை வழக்கம் என்று அவர் சொல்வார். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும். ஸ்டோர்ஸில் இருந்தவர், யார் யார் எவ்வளவு வாங்கிப் போனார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் அனுப்பிய தாள்களில் 2023-ல் விலகிய லேத் ஆபரேட்டருக்கு 5 வருஷம் 3 மாதத்துக்கு ஐந்து வருஷம்தான் போட்டிருக்கிறது. அது உங்களுக்குச் சாதகம். மற்றவர்களின் தாள்களையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கூடவே இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். 2025 நவம்பர் 21-லிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்துவிட்டன. அவற்றின்படி, படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், அந்தக் கூடுதல் பகுதியும் சம்பளமாகவே கணக்கில் சேரும். பெரிய அலவன்ஸ்களாகப் பிரித்துக் கொடுக்கும் கம்பெனிகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், கூடுதலாகக் கொடுத்ததாக நினைத்த முதலாளி உண்மையில் குறைவாகக் கொடுத்திருப்பார். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மொத்தம் 32,000-ல் 26,000 அடிப்படையும் பஞ்சப்படியுமாகவே இருக்கிறது.

லீவு சம்பளம்தான் கொஞ்சம் ருசியான விஷயம். நீங்கள் படம் எடுத்து அனுப்பிய லீவு கார்டில் டிசம்பர் முடிவில் 34 நாள் பாக்கி என்று நீல மையில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்து, நாளுக்கு 1,000 வீதம் 34,000 போட்டிருக்கிறார் கணக்கர். ஆனால் தீபாவளிக்கு முன்னாடி, அக்டோபர் 15-ல், தம்பி 18 நாள் லீவைப் பணமாக வாங்கியிருக்கிறார். 18,000-க்கு வவுச்சர் இருக்கிறது, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் அவர் கையெழுத்தும் இருக்கிறது. அந்த வவுச்சர் ரொக்க நோட்டுக்குப் போயிருக்கிறது, லீவு கார்டுக்கு வரவில்லை. கார்டில் அந்த 18 நாளைக் கழித்திருந்தால் 16 நாள்தான் மிச்சம். ஆக 18 நாளுக்கு இரண்டு தடவை பணம் போயிருக்கிறது.

இங்கே உங்களுக்கு ஒரு கோபம் வரும். அவருக்குத் தெரியாதா, தெரிந்தேதானே வாங்கினார் என்று தோன்றும். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். செட்டில்மெண்ட் தாளில் நாலு வரி இருந்தால், கடைசி வரியில் உள்ள மொத்தத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அதுவும் இப்போது, விலகியவருக்குச் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வதால், எல்லாமே அவசரத்தில் நடக்கிறது. கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம் இருந்தும், உங்கள் கணக்கர் எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டு ஒரே நாளில் முடித்திருக்கிறார். பிசகு உங்கள் பக்கத்தில் நடந்தது. கடிதத்தில் முதலில் வர வேண்டியதும் அதுதான். "தெரிந்தே வாங்கினீர்கள்" என்ற அர்த்தம் எந்த வரியிலும் வரக் கூடாது. அது வந்துவிட்டால் பணத்தைப் பற்றிய பேச்சு மானத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். அதற்கு அப்புறம் யாரும் தவணை பேச மாட்டார்கள்.

ஆக 15,000-மும் 18,000-மும் சேர்ந்து 33,000. அதிலிருந்து அவருடைய டூர் பில் 2,400-ஐக் கழியுங்கள். அது நீங்கள் கொடுக்க வேண்டியது. "அதைத் தனியாகப் பார்த்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். அவரிடம் வாங்க வேண்டியதை மட்டும் மூன்று மாதம் கழித்தும் தோண்டி எடுத்துவிட்டு, கொடுக்க வேண்டியதை நவம்பரிலிருந்து தூங்கவிட்டால், கேட்பவருக்கு எப்படி இருக்கும்? மிச்சம் 30,600. இந்தத் தொகையை எந்த இடத்தில் வைத்தும் வரிக்கு வரி நிரூபிக்கலாம்.

வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் தவறுகிறார்கள். கூடுதல் தொகையில் டிடிஎஸ் பிடித்துக் கட்டியிருந்தால், அவர் கைக்குப் போன தொகையைத்தான் அவரிடம் கேட்க வேண்டும். கைக்கே வராத பணத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்ல முடியாது. பிடித்த வரியை டிடிஎஸ் அறிக்கையைத் திருத்திச் சரிசெய்ய வேண்டியது உங்கள் ஆடிட்டர் வேலை. உங்கள் விஷயத்தில் அந்தத் தலைவலி இல்லை. வேலையை விட்டுப் போகும்போது வரும் கிராஜுவிட்டிக்கும் லீவு பணத்துக்கும் உள்ள வரிவிலக்கு வரம்புக்குள்தான் சரியாக வர வேண்டிய இரண்டு தொகையும் வருகின்றன. தாளில் டிடிஎஸ் பிடித்தமும் இல்லை.

இப்போது அவர் சொன்ன பதிலுக்கு வருவோம். "நீங்க குடுத்தீங்க, நான் வாங்குனேன்" என்பது சட்டப்படி நிற்காது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 72-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெற்றவர் ஏமாற்றினாரா இல்லையா என்ற கேள்வியே அங்கே இல்லை. பணம் செலவாகிவிட்டது என்பதும் கடனை அழிக்காது. ஆனால் தவணை கொடுக்க அது நல்ல காரணம்.

"கையெழுத்துப் போட்டாச்சு" என்றால், எதில் போட்டார் என்று பார்க்க வேண்டும். உங்கள் செட்டில்மெண்ட் தாளின் அடியில், "எனக்கு வர வேண்டிய தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன், நிறுவனத்திடம் இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்றுதான் இருக்கிறது. அது அவருடைய உரிமையைப் பற்றிய வாசகம். நிறுவனம் எதையும் விட்டுக்கொடுப்பதாக அதில் ஒன்றும் இல்லை. சில கம்பெனிகளில் "இருதரப்புக்கும் இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று அச்சடித்து வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் பிழை என்று வாதாட இடம் இருந்தாலும் நிலைமை பலவீனம்தான். அங்கே நான் வக்கீல் பக்கமே போகாமல் பேசி முடிக்கச் சொல்வேன்.

யாராவது நண்பர் அவருக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் போனில் அனுப்பி வைக்கவும் கூடும். 2014 டிசம்பரில் வந்த ரஃபீக் மசீ வழக்குத் தீர்ப்பு அது. கீழ்நிலை ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் கூடுதல் சம்பளம் வாங்கியவர்கள் ஆகியோரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று அரசு ஊழியர் விஷயத்தில் சொன்னது. உங்கள் பட்டறைக்கும் தம்பிக்கும் இடையில் அது நேராகப் பொருந்தாது. இங்கே ஒரே தடவை நடந்த பிழை, மூன்று மாதத்தில் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனாலும் அந்தத் தீர்ப்பில் உள்ள எண்ணம் எந்த நீதிபதியின் மனதிலும் இருக்கும். சின்னச் சம்பளக்காரர், பிழை அவருடையது இல்லை, ஒரே மூச்சில் பிடுங்கினால் குடும்பம் தள்ளாடும் என்று யோசிப்பார்கள். அதனால்தான் வட்டி கேட்காதீர்கள், தவணையை அவர் கேட்பதற்கு முன் நீங்களே கொடுங்கள் என்கிறேன்.

முதலில் போன் பண்ணுங்கள், ஆனால் பணம் கேட்க இல்லை. போன தடவை பணம் கேட்டுத்தான் பேச்சு முறிந்திருக்கிறது. "தம்பி, கணக்குல எங்க பக்கம் ஒரு பிசகு ஆயிடுச்சுங்க. நோட்டீஸ் நாளுக்குப் பத்தாயிரம் கேட்டது என் தப்பு, அதை விட்டுடுங்க. மிச்சத்துக்குக் கணக்குத் தாளும் வவுச்சர் காப்பியும் அனுப்பறேன். உங்க டூர் பில்லையும் கழிச்சிருக்கேன். பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். சர்டிபிகேட்டை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அப்புறம் கடிதம். ஸ்பீட் போஸ்ட், கூடவே மெயில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தவறில்லை, ஆனால் அது மட்டும் போதாது.

கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

> அன்புள்ள திரு. ______ அவர்களுக்கு,
>
> வணக்கம். 31.12.2025-ல் தாங்கள் பணி விலகியபோது வழங்கப்பட்ட இறுதிக் கணக்கில் எங்கள் அலுவலகத்தின் தவறால் இரண்டு பிழைகள் நேர்ந்துள்ளன. கணக்குத் தணிக்கையின்போது இவை தெரியவந்தன. இதில் தங்கள் தவறு எதுவும் இல்லை.
>
> பணிக்கொடை: தங்கள் பணிக்காலம் 7 வருடம் 4 மாதம். 7 வருடத்துக்கு ரூ.1,05,000 கணக்கிட வேண்டியதற்குப் பதில் 8 வருடத்துக்கு ரூ.1,20,000 வழங்கப்பட்டது. கூடுதல் ரூ.15,000.
>
> விடுப்புச் சம்பளம்: 15.10.2025-ல் தாங்கள் பணமாகப் பெற்ற 18 நாட்கள் விடுப்புக் கார்டில் கழிக்கப்படவில்லை. 16 நாட்களுக்குப் பதில் 34 நாட்களுக்கு வழங்கப்பட்டது. கூடுதல் ரூ.18,000.
>
> தங்களுக்கு நாங்கள் தர வேண்டிய நவம்பர் மாதப் பயணச் செலவு ரூ.2,400 கழித்தது போகத் திரும்பப் பெற வேண்டிய தொகை ரூ.30,600.
>
> திருத்திய கணக்குத் தாள், லீவு கார்டு, வவுச்சர் நகல்களை இணைத்துள்ளோம். தங்களிடம் வேறு விவரம் இருந்தால் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தெரிவியுங்கள், கணக்கை மீண்டும் சரிபார்க்கிறோம். கணக்கு சரி எனில் இத்தொகையை ஒரே தவணையாகவோ, மாதம் ரூ.5,100 வீதம் ஆறு தவணைகளாகவோ நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தலாம். வட்டி கிடையாது. எது வசதி என்பதை இணைப்பில் உள்ள தாளில் குறித்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.
>
> பணி விலகும்போது நோட்டீஸ் காலத்தில் குறைந்த 10 நாட்களுக்கு எந்தத் தொகையும் கோரவில்லை. தங்கள் அனுபவச் சான்றிதழ் தனியாக அனுப்பப்பட்டுள்ளது. அதற்கும் இத்தொகைக்கும் தொடர்பில்லை.
>
> 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தொகையைத் திரும்பப் பெற அடுத்த நடவடிக்கையை எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

கடைசி வரியைப் பல முதலாளிகள் எழுதத் தயங்குவார்கள், இல்லையென்றால் அதை மட்டுமே முழுக் கடிதமாக எழுதுவார்கள். அந்த ஒரு வரி போதும். அதற்கு மேல் "கடும் நடவடிக்கை", "குற்றவியல்" என்றெல்லாம் போகாதீர்கள். இதில் குற்றம் எதுவும் இல்லை. நீங்கள் தவறாகக் கொடுத்த பணத்துக்குப் போலீஸில் ஏமாற்றுப் புகார் கொடுத்தால், இது சிவில் விவகாரம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அப்படி அனுப்பினால் அது சரியும்கூட.

கடிதத்தோடு போகும் ஒப்புதல் தாளுக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. தவணையைக் குறித்து அவர் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதிவிட்டால், கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகிறது. காலவரம்பு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும். கணக்குச் சரியா தப்பா என்ற வாதமும் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் பின்தேதி போட்ட காசோலையோ, எழுதாத காசோலையோ கேட்காதீர்கள். ஆறு மாதத்துக்கு 5,100 கட்டப்போகும் மனிதரைக் கந்துக்காரர் போல நடத்தினால் கடிதத்தில் எழுதிய நயமெல்லாம் பொய்யாகிவிடும்.

சர்டிபிகேட் விஷயத்தில் இன்னும் ஒரு வார்த்தை. அவர் உங்களிடம் ஏழு வருஷம் வேலை பார்த்தார் என்பது நடந்து முடிந்த உண்மை. கணக்கு எப்படி முடிந்தாலும் அது மாறாது. அதைப் பிடித்து வைத்தால், உங்கள் பிழைக்கு அவர் வேலையைப் பணயம் வைத்ததாக ஆகும். பிஎஃப் கணக்கில் விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தடிப்பதும் அதே ரகம். அந்தப் பணத்தின் மேல் உங்களுக்கு எந்தக் கையும் கிடையாது. புது கம்பெனியில் சொல்வது இதையெல்லாம்விட மோசம். அவருடைய புது முதலாளி உங்கள் 30,600-ஐ வாங்கித் தரப்போவதில்லை. தம்பியின் பெயர் கெட்டால் மானநஷ்ட வழக்கு உங்கள் மேல்தான் திரும்பும்.

வக்கீல் நோட்டீஸ் ஏன் முதலிலேயே வேண்டாம் என்பதற்கு ஒரு அனுபவம். சில வருஷம் முன்பு என்னிடம் வந்த ஒரு தொழிற்சாலைக்காரர், 40,000 ரூபாய் சொச்சத்துக்கு எடுத்த எடுப்பில் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். அந்த ஊழியர் பயந்து போய் வேறொரு வக்கீலைப் பார்த்தார். அந்த வக்கீல் கேட்ட முதல் கேள்வியே, "ஓவர்டைம் எல்லாம் ஒழுங்காக் குடுத்தாங்களா?" என்பதுதான். கொடுத்திருந்தார்கள், ஆனால் ஒரு மடங்காக. சட்டப்படி இரண்டு மடங்கு தர வேண்டும். கேட் ரிஜிஸ்டரை வைத்து ஓவர்டைம் பாக்கி கேட்டுப் பதில் நோட்டீஸ் வந்தது. கடைசியில் முதலாளி தன் கோரிக்கையை விட்டுவிட்டு மேற்கொண்டு கொஞ்சம் கொடுத்துத்தான் முடித்தார். உங்கள் பட்டறையில் ஓவர்டைம் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கடிதம் போகும் முன் நீங்களே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கடிதத்துக்கு மூன்று விதமாகப் பதில் வரலாம். கணக்கை ஒப்புக்கொண்டு தவணை கேட்டால் பேச்சே இல்லை. ஆறுக்குப் பதில் பத்து மாதம் கேட்டாலும் கொடுங்கள். லீவு பணத்தை ஒப்புக்கொண்டு, கிராஜுவிட்டிக்கு முணுமுணுத்தால், அதைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். 18 நாள் விஷயத்தில் அவர் கையெழுத்து இருப்பதால் அதை மறுப்பது கஷ்டம். கிராஜுவிட்டியில் அப்படி இல்லை, எட்டு வருஷம் என்று நீங்கள் போட்டுக் கொடுத்ததை அவர் நம்பியிருக்கிறார். நானாக இருந்தால் அங்கே பாதியை விட்டுக்கொடுத்து உடனே முடித்துக்கொள்வேன். 7,500 ரூபாய்க்காக ஒரு வருஷம் அலைவதில் அர்த்தமில்லை. ஆனால் விட்டுக்கொடுப்பதையும் எழுத்தில் வைத்து, மிச்சத் தொகை இவ்வளவு என்று இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பதிலே வராமல் போவது. 15 நாள் முடிந்ததும் ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் ஒரு மாதம் பொறுத்து வக்கீல் நோட்டீஸ். அப்போதும் அசையாவிட்டால், வழக்குப் போடுவதற்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வழக்கு தாக்கல் ஆகாத விவகாரங்களையும் லோக் அதாலத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், கட்டணம் கிடையாது. எதிரே உட்காரவைத்து மூன்றாவது மனிதர் ஒருவர் கணக்கை வாசித்துக் காட்டினாலே பாதி விவகாரங்கள் படிந்துவிடும். ஆனால் அவர் வர மறுத்தால் கட்டாயப்படுத்த முடியாது. மிச்சம் இருப்பது முன்சீப் கோர்ட். தொழிலாளர் நீதிமன்றம் இதற்கு இடமில்லை. கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் வழக்குத் தொகையில் 3 சதவீதம்தான், 30,600-க்கு 918 ரூபாய். செலவு அதில் இல்லை, வக்கீல் ஃபீஸிலும் வாய்தாவுக்கு வாய்தா நீங்களும் கணக்கரும் போய் நிற்பதிலும்தான். அந்தக் கட்டத்தில் இந்தத் தொகைக்கு வழக்குத் தேவையா என்று நான் கேட்பேன், நீங்களும் யோசியுங்கள்.

காலவரம்பு மூன்று வருஷம். பிழை தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதே சட்டம், கொஞ்சம் கவனித்திருந்தால் எப்போது தெரிந்திருக்குமோ அந்த நாளையும் பார்க்கிறது. வவுச்சர் உங்கள் அலுவலகத்திலேயே இருந்ததால், பணம் கொடுத்த அன்றே தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆகவே பணம் கொடுத்த தேதியிலிருந்தே மூன்று வருஷம் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

பணம் வந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கொடுங்கள். கடைசித் தவணை வந்ததும், திருத்திய செட்டில்மெண்ட் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் அடியில், "கணக்கில் பிழை தெரியவந்தால் ஆறு மாதத்துக்குள் இருதரப்பும் திருத்திக்கொள்வோம்" என்று இனிமேல் ஒரு வரி சேர்த்து அச்சடித்து வையுங்கள். இருதரப்பும் என்ற வார்த்தை இருக்கட்டும், அடுத்த தடவை குறைவாகக் கொடுத்திருந்தால் அவர்கள் கேட்கவும் வழி வேண்டும். கணக்கரிடம், லீவைப் பணமாக்கும் வவுச்சர் எழுதினால் லீவு கார்டில் பதிந்துவிட்டுத்தான் பணத்தை எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அந்த மனிதரைத் திட்டாதீர்கள், இரண்டு நோட்டுகளும் இரண்டு மேஜைகளில் இருந்ததுதான் கோளாறு.

டூர் பில்லில் 140 ரூபாய்க்கு ஒரு சாப்பாட்டு ரசீது இல்லை, அதனால்தான் நிறுத்தி வைத்தோம் என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். ஓசூர் போய்விட்டு வந்தவர் எங்கேயோ சாப்பிட்டிருப்பார்தானே. முழு 2,400-ஐயும் பாஸ் பண்ணிவிட்டே கடிதத்தைத் தபாலில் போடுங்கள்.